மர்த்தீனுக்கு இரண்டு நிமிட நன்றி

பிரான்சில் ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேறு வேலைக்குப் போனாலோ, கடைசி நாட்களில் ஒரு மாலை, உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வழியனுப்புவார்கள். இதற்குப் 'போ த தெபார்' என்று பெயர். பெரிய விழா ஒன்றும் இல்லை. இளைப்பாறும் அறையில் மேசையை நடுவே இழுத்துப் போட்டு, காகிதக் குவளைகள், வறுத்த கடலை, யாராவது வீட்டிலிருந்து செய்துகொண்டு வந்த கிஷ், இரண்டு மூன்று பாட்டில்கள். பாட்டில்களில் என்ன இருக்கலாம் என்பதைத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிடுகிறது. வேலை இடத்தில் வைன், பியர், ஆப்பிள் சாற்றில் செய்யும் சீதர், பேரிக்காயில் செய்யும் புவாரே ஆகிய நான்கைத் தவிர வேறு மதுவுக்கு அனுமதி கிடையாது. ஊழியர்களின் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ கேடு வரலாம் என்றால் நிறுவனம் அந்த நான்கையும்கூடத் தடுக்கலாம். அதற்கு முந்திய வாரங்களில் ஓர் உறை ரகசியமாகக் கைமாறிக்கொண்டிருக்கும். அவரவர் முடிந்ததைப் போட்டு, உள்ளே இருக்கும் வாழ்த்து அட்டையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார்கள்.

பிறகு பேச்சு. முதலில் மேலாளர், அடுத்து உடன் வேலை செய்தவர்களில் ஒருவர், கடைசியில் விடைபெறுபவர். எல்லோரும் கையில் குவளையோடு நின்றுகொண்டுதான் கேட்பார்கள். அதனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்குப் பிரெஞ்சில் ஏறத்தாழ இருநூற்றைம்பது சொற்கள் வரும். தாய்மொழிக்காரர் அல்லாத ஒருவர் இருநூறோடு நிறுத்திக்கொண்டால் மூச்சு வாங்காமல் முடிக்கலாம்.

அந்த இரண்டாவது ஆளாக ஒரு தமிழர் நிற்க நேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாரிஸுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறை. அங்கே முப்பது ஆண்டுக்கு மேல் சமைத்த ஒரு பெண்மணி ஓய்வு பெறுகிறார். மர்த்தீன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவரோடு பத்து ஆண்டாக வேலை செய்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் உணவகத்தில் 'ப்ளோன்ஜ்' என்கிற பாத்திரம் கழுவும் வேலையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். பேச்சுப் பிரெஞ்சு தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும், எழுதிப் பழக்கம் இல்லை. மர்த்தீனுக்காக நீதான் பேச வேண்டும் என்று மற்றவர்கள் அவரைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற முதல் வரைவு எப்படி இருக்கும் என்பது தமிழ் மேடைகளைப் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பெருமதிப்புக்குரிய தலைவருக்கும் என் பேரன்புக்குரிய மர்த்தீன் அம்மையாருக்கும் வணக்கம் என்று தொடங்கும். பொறுமையின் சிகரம், உழைப்பின் உருவம், எனக்கு இன்னொரு தாய் என்று போகும். தமிழில் இது பொய்யான பேச்சு அல்ல. மேடையில் ஒருவரை உயர்த்திச் சொல்வது நம் மரபில் மரியாதையின் இலக்கணம். கேட்பவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சில் அதே வரிகளை வைத்தால் கேட்பவர்கள் நெளிவார்கள். பெரிய சொற்கள் அடுக்கடுக்காக வந்தால் அவர்கள் காதுக்கு அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற புகழாகப்படும். அறுபதை எட்டிய ஒருவரை, ஐம்பதை நெருங்கும் ஒருவர் 'எனக்குத் தாய்' என்று சொன்னால், அங்கே அது வயதைச் சுட்டிக்காட்டியதாகவும் ஆகிவிடும். அந்த உணர்வைச் சொல்ல அவர்களிடம் வேறொரு வழி உண்டு: 'எல் மா ப்ரி சூ சோனேல்', தன் சிறகுக்குள் என்னை எடுத்துக்கொண்டார். அதில் பாசமும் இருக்கிறது, வேலை பழக்கிய நன்றியும் இருக்கிறது, வயது இல்லை.

புதுச்சேரியில் பள்ளிப் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவர்களிடம் இது வேறு வடிவத்தில் வரும். அலுவல் கடிதத்தின் கடைசியில் எழுதும் நீண்ட பணிவு வாக்கியங்களைப் பேச்சிலும் கொண்டுவந்து வைப்பார்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கும். கேட்பவர்களுக்கோ வங்கியிலிருந்து கடிதம் வந்தது போலத் தோன்றும்.

அடைமொழிகளை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? நடந்ததை வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் மூன்று நிகழ்ச்சிக்கு மேல் இடம் இல்லை. நம் நண்பர் யோசித்துப் பார்த்து மூன்றை எடுக்கிறார். முதலாவது, வேலைக்குச் சேர்ந்த நாள். கேரட்டைத் தோல் சீவச் சொன்னார்கள். 'எப்லூஷே' என்ற சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை. மர்த்தீன் ஒன்றும் பேசாமல் ஒரு கேரட்டை எடுத்துச் சீவிக் காட்டிவிட்டுச் சீவியை அவர் கையில் கொடுத்தார்.

இரண்டாவது, மாதிரி டப்பா. பிரான்சில் பள்ளிச் சமையலறைகள் பரிமாறும் ஒவ்வொரு உணவிலும் கொஞ்சம் எடுத்துக் குளிரில் குறைந்தது 5 நாள் வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சோதித்துப் பார்ப்பதற்காக. மர்த்தீன் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. டப்பாவின் மேல் தேதி எழுதும் வேலையை இவருக்குக் கொடுத்தார். இவர் எழுதிய ஏழு அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றுக்கு மேலே நீண்ட கொக்கி போட்டு எழுதுவார்கள். குழப்பம் வராமல் இருக்க ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டைப் போட வைத்தவர் மர்த்தீன்.

மூன்றாவது, 2019 டிசம்பர். ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து 5ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் பாரிஸின் மெட்ரோவும் புறநகர் ரயில்களும் வாரக்கணக்கில் முடங்கின. பள்ளி நடந்த நாளெல்லாம் மர்த்தீன் விடியற்காலையில் தன் காரில் சுற்றுவழியாக வந்து இவரை ஏற்றிக்கொண்டு போனார்.

இந்த மூன்றும் இருந்தால் பொறுமையின் சிகரம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி யாரைப் பார்த்துப் பேசுவது என்ற கேள்வி. தமிழர்கள் அதிகம் திண்டாடும் இடம் இதுதான். பிரெஞ்சில் 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் நம் நீயும் நீங்களும் வயதையும் உறவையும் பார்த்து நிற்பவை. பிரான்சின் வேலை இடங்களில், அதிலும் சமையலறைகளில், ஒன்றாக வேலை செய்பவர்கள் வயது பார்க்காமல் 'த்யூ' என்றும் பெயர் சொல்லியும் கூப்பிடுவார்கள். ஊரில் அக்கா என்று அழைத்திருக்க வேண்டிய ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கவே நம்மவருக்குச் சில மாதங்கள் பிடித்திருக்கும். பேச்சு எழுதும்போது அந்தக் கூச்சம் திரும்பி வந்துவிடுகிறது. வரைவு முழுக்க 'வூ' என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:

"அப்பா, நீங்கள் அவவோட ஒவ்வொரு நாளும் 'த்யூ' எண்டுதானே கதைக்கிறனீங்கள்? இண்டைக்கு மட்டும் ஏன் 'வூ'?"

"எல்லாருக்கும் முன்னால எப்பிடிப் பிள்ளை? வயசுக்கு மூத்தவ."

"'வூ' எண்டு சொன்னா, உங்களுக்கு அவவில ஏதோ கோவம் எண்டுதான் நினைப்பினம்."

மகள் சொல்வது சரி. பத்து ஆண்டு 'த்யூ' என்று பேசிவிட்டுத் திடீரென்று 'வூ' என்றால் அங்கே மரியாதை கூடாது, தூரம் கூடும். அப்பாவின் கூச்சத்துக்கும் ஒரு வழி உண்டு. நல்ல பிரெஞ்சுப் பேச்சாளர்களும் அதையே செய்கிறார்கள். பேச்சின் முதல் பாதியில் கூட்டத்தைப் பார்த்து மர்த்தீனைப் பற்றிப் படர்க்கையில் பேசுவது: மர்த்தீன் இதைச் செய்தார், அதைச் சொன்னார். பிற்பாதியில் அவர் பக்கம் திரும்பி, பெயர் சொல்லி அழைத்து, அங்கிருந்து 'த்யூ'வில் முடிப்பது. கூட்டத்தை விளிக்கும்போது வருவது பன்மை 'வூ'. அதில் சிக்கல் இல்லை. படர்க்கையிலிருந்து முன்னிலைக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்தில்தான் பெரும்பாலும் எல்லோருக்கும் தொண்டை அடைக்கும். நன்றிச் சொல்லை அதற்குப் பிறகு வைக்க வேண்டும்.

அந்த நன்றியைச் சொல்வதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, 'மெர்சி த' என்று தொடங்கி வினையைச் சேர்க்கும் அமைப்பு. 'மெர்சி த மெதே' என்று எழுதினால், எனக்கு உதவியதற்கு நன்றி என்று பொருள் வரும் என்றுதான் நினைப்போம். வராது. அது வேண்டுகோள்: தயவுசெய்து எனக்கு உதவுங்கள். பிரான்சில் கதவுகளிலும் மின்தூக்கிகளிலும் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் இந்த வடிவத்தில்தான் இருக்கும்: கதவைச் சாத்தவும், வரிசையில் நிற்கவும். நடந்து முடிந்த உதவிக்கு நன்றி என்றால் வினையும் முடிந்ததாக இருக்க வேண்டும்: 'மெர்சி த மவ்வார் எதே'. நடுவில் வரும் 'அவ்வார்' என்ற துணைவினைதான் வேலை முடிந்துவிட்டது என்று சொல்கிறது. தமிழில் 'உதவியதற்கு' என்று இறந்தகாலத்தை உள்ளே வைத்தே சொல்கிறோம். அந்த 'ய'வைப் போட வேண்டிய இடத்தில் 'அவ்வார்' போட வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தவறு வராது.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். நன்றி சொல்லுதல் என்ற பொருளுள்ள 'ரெமெர்சியே' என்ற வினைக்கு அலுவலகப் பிரெஞ்சில் இன்னொரு பொருளும் உண்டு: வேலையிலிருந்து நீக்குதல். யாருக்கு நன்றி என்பது தெளிவாக, செய்வினையில் 'ஜ த ரெமெர்சி' என்று சொன்னால் ஒரு குழப்பமும் இல்லை. உனக்கு நன்றி சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நம்மவர் தமிழ் மேடைப் பழக்கத்தில், மர்த்தீனுக்கு இன்று நன்றி தெரிவிக்கப்படுகிறது என்று செயப்பாட்டில் எழுதி, அதை 'எல் ஆ எத்தே ரெமெர்சியே' என்ற அளவில் கொண்டு நிறுத்தினால், மர்த்தீனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் காதில் விழும். மேலாளரும் பக்கத்தில் நிற்கும் இடத்தில் இது வேண்டாம். நன்றி சொல்லும் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் 'நான்' அல்லது 'நாங்கள்' எழுவாயாக இருந்தால் இந்தக் குழியில் விழ மாட்டோம்.

அடுத்து காலம். நடந்ததைச் சொல்லப் பிரெஞ்சில் இரண்டு கடந்தகாலங்கள் உண்டு. ஒரு முறை நடந்து முடிந்ததற்குப் 'பாஸே கோம்போஸே'. வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு 'ஏம்பார்ஃபே'. எந்த இடத்தில் எது என்று பல ஆண்டு பேசியவர்களும் தடுமாறுவார்கள். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு கற்றவர்களுக்குத் தடுமாற்றம் அதிகம். அங்கே சாதாரண இறந்தகாலம் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. தமிழ் வழியாக யோசித்தால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'தாத்தா தினமும் காலையில் வருவார், திண்ணையில் உட்காருவார், பேப்பர் படிப்பார்' என்கிறோம். நடந்து முடிந்த கதைதான். ஆனால் வினை 'வருவார்' என்று எதிர்கால வடிவத்தில் நிற்கிறது. ஒரே ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் 'வந்தார், உட்கார்ந்தார்' என்று மாறிவிடுகிறது. நம் மொழியில் எங்கே 'வருவார்' இயல்பாக வாயில் வருகிறதோ அங்கே பிரெஞ்சில் ஏம்பார்ஃபே. எங்கே 'வந்தார்' வருகிறதோ அங்கே பாஸே கோம்போஸே.

நம் நண்பரின் மூன்று நிகழ்ச்சிகளையும் இதில் வைத்துப் பார்க்கலாம். கேரட்டைச் சீவிக் காட்டினார்: ஒரு நாள், ஒரு முறை, பாஸே கோம்போஸே. மாதிரி டப்பாவை நிரப்புவார், தேதியைப் பார்ப்பார், ஏழு சரியில்லை என்பார்: ஏம்பார்ஃபே. வேலைநிறுத்தக் கதைதான் நுட்பமானது. 'தினமும் விடியற்காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார்' என்றால் ஏம்பார்ஃபே. அதையே 'மூன்று வாரம் கூட்டிக்கொண்டு போனார்' என்று எல்லை கட்டிச் சொன்னால் தமிழிலும் வினை மாறுகிறது, பிரெஞ்சிலும் பாஸே கோம்போஸேக்கு மாறுகிறது. இந்த அளவுக்கு இரண்டு மொழியும் கைகோத்துப் போவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சோதனை கைகொடுக்காத இடமும் உண்டு. நிலையைச் சொல்லும் வினைகளில் அது தவறிவிடும். அவர் களைப்பாக இருந்தார், எனக்குத் தெரிந்திருந்தது என்று தமிழில் இறந்தகாலமாகச் சொல்வோம். பிரெஞ்சில் அங்கே பெரும்பாலும் ஏம்பார்ஃபேதான். 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்பது இன்னும் சிக்கல். 'புரியவில்லை' என்ற எதிர்மறை, காலத்தை மறைத்துவிடுகிறது. இன்றைக்கும் நேற்றைக்கும் அதே சொல்தான். முதல் நாள் சமையலறையில் நின்றபோது மொழி புரியாத அந்த நிலையைச் சொல்ல வேண்டுமானால் 'ஜ ந கோம்ப்ரெனே ரியேன்' என்று ஏம்பார்ஃபேயில் வர வேண்டும்.

காலத்தோடு வாக்கிய நீளமும் சேர்ந்தே வரும். 'வந்து, பார்த்து, கேரட்டை எடுத்து, சீவிக் காட்டி, என் கையில் கொடுத்தார்' என்று வினையெச்சங்களைக் கோத்துக் கடைசியில் ஒரு முற்றில் முடிப்பது தமிழின் அழகு. அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் வாக்கியம் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு எச்சத்தையும் ஒரு முற்றாக்கி, முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். எடுத்தார். சீவினார். கொடுத்தார். நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு அதுவே எளிது.

விடைகொடுக்கும் சொற்களுக்கு வருவோம். மர்த்தீன் நம்மை விட்டுப் பிரிந்தார் என்று எழுதினால் தமிழ்ப் படிப்பவருக்கு உடனே சுருக்கென்கும். அது இரங்கல் செய்தியின் சொல். பிரெஞ்சிலும் அப்படியே. 'எல் நூஸா கித்தே' என்று முடிந்த காலத்தில் சொன்னால் காலமாகிவிட்டார் என்று பொருள். நிகழ்காலத்தில் 'எல் நூ கித்' என்றால் விடைபெறுகிறார். அதைத் தாராளமாகச் சொல்லலாம். தன் மொழியின் காதை நம்பியவர் இந்த இடத்தில் தப்பித்துவிடுவார். 'அதியே' என்பதும் வேண்டாம். இனிச் சந்திப்பே இல்லை என்ற கனம் அதில் இருக்கிறது. தெற்குப் பிரான்சில் சில ஊர்களில் அதைச் சாதாரண வணக்கமாகச் சொல்வார்கள், ஆனால் பாரிஸில் அப்படி இல்லை. கப்பலோட்டிகளின் வாழ்த்தான 'போன் வான்', நல்ல காற்று வீசட்டும் என்பது, கேட்க இனிமையானதுதான். ஆனால் தொலைந்தது போ என்று எரிச்சலோடு சொல்லவும் அதையே பயன்படுத்துகிறார்கள். தொனியை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாத ஒருவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல். வேறு வேலைக்குப் போகிறவரிடம் 'பொன் கோந்தின்யுவாசியோன்' என்பார்கள், தொடர்ந்து நன்றாக இருங்கள் என்ற பொருளில். ஓய்வு பெறுபவருக்கு 'பொன் ரெத்ரேத்', நல்ல ஓய்வுக்காலம். இது போதும்.

நீ இல்லாமல் எங்களுக்கு வெறிச்சென்று இருக்கும் என்று சொல்ல, பிரெஞ்சில் 'த்யூ வா நூ மாங்கே' என்பார்கள். இதில் எழுவாய் 'நீ'. உணர்கிறவர்கள் 'எங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தை நடுவில் வைத்து மொழிபெயர்ப்பவர்கள் 'நாங்கள்' என்பதை எழுவாயாக்கி 'நூஸாலோன் த மாங்கே' என்று எழுதிவிடுவார்கள். அதன் பொருள் தலைகீழ்: நாங்கள் இல்லாமல் நீ வாடுவாய். அது கொஞ்சம் செருக்காகக்கூடக் கேட்கும். பசிப்பதும் புரிவதும் பிடிப்பதும் எங்களுக்கு என்றே சொல்லிப் பழகிய தமிழருக்கு முதல் அமைப்பு கைவந்ததுதான். நடுவில் ஆங்கிலத்தை விடாமல் இருந்தால் சரி.

எழுதியாயிற்று, இனி வாய்விட்டு வாசிக்க வேண்டும். பலர் பிரெஞ்சுப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். அவசரத்துக்கு அது உதவும், ஆனால் நம் எழுத்தில் ப ஒன்றுதான், ஸ ஒன்றுதான். 'மீன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் நடுவில் வருவது காற்றாக மட்டும் சீறும் ஒலி. அந்த இடத்தில் தேனீ முரல்வது போல அதிரும் ஒலி வந்துவிட்டால் சொல் 'நஞ்சு' என்று ஆகிவிடும். அந்தச் சொல்லின் முதல் எழுத்தைக் கொஞ்சம் அதிர்த்துச் சொன்னால் மீன் பானமாகிவிடும். சமையலறைக்காரர்களுக்கு முன்னால் பேசும்போது இதைக் கவனிக்காமல் முடியாது. 'நாங்கள் வேலை செய்தோம்' என்பதில் 'நூஸாவோன்' என்று நடுவில் அதிர்வு வர வேண்டும். அது வராமல் வெறும் காற்றாகப் போனால் 'எங்களுக்குத் தெரியும்' என்று தொடங்கியதாகக் கேட்கும். இப்படி அதிர வேண்டிய எழுத்துகளின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டால் வாசிக்கும்போது கண் பிடித்துக்கொள்ளும்.

நன்றியிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. 'மெர்சி போகூ'வின் கடைசி ஒலி நம் ஊகாரம்தான். அதை, 'த்யூ' என்பதில் வரும், உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ சொல்லும் அந்தப் பிரெஞ்சு ஒலியாக்கிவிட்டால் கொச்சையான வேறொரு சொல் வந்துவிடும். பிரெஞ்சுபோலப் பேச வேண்டும் என்று அதிகமாக முயல்பவர்களுக்கே இது நேர்கிறது. இந்தச் சொல்லில் தமிழ் ஊகாரத்தை அப்படியே விட்டுவிடலாம். சொல்லின் கடைசி மெய்யோடு ஓர் உகரத்தைச் சேர்த்து 'அவெக்கு' என்று முடிக்கும் நம் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எல்லோரையும் விளிக்கும் 'போன்ஜூர் ஆ தூத் எ ஆ தூஸ்' என்பதில் கடைசி 'ஸ்' ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து அது மௌனம் என்று நினைப்பவர்கள் உண்டு.

தாளில் ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று எழுதிக்கொள்வது நல்லது. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்குச் சொல் விழுவதில்லை. சொற்கூட்டத்தின் கடைசி அசையில் விழும். வரி முடியும் இடமும் அந்த அசையும் ஒன்றாக இருந்தால் உச்சரிப்பில் தமிழ் வாடை எவ்வளவு இருந்தாலும் கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படியெல்லாம் திருத்திய பிறகு நம் நண்பரின் பேச்சு தமிழில் இப்படி இருக்கும்:

"எல்லோருக்கும் வணக்கம். மர்த்தீனைப் பற்றி நான் கொஞ்சம் பேசப்போகிறேன். நான் இந்தச் சமையலறைக்கு வந்த முதல் நாள், கேரட்டைச் சீவச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மர்த்தீன் என்னைப் பார்த்தார். ஒரு கேரட்டை எடுத்தார். சீவினார். சீவியை என் கையில் கொடுத்தார். அன்று மாலைக்குள் எனக்குப் பத்துப் பிரெஞ்சுச் சொற்கள் தெரிந்திருந்தன.

"தினமும் முதல் தட்டு வெளியே போகும் முன் மர்த்தீன் மாதிரி டப்பாக்களை நிரப்புவார். எவ்வளவு அவசரம் இருந்தாலும் நிரப்புவார். பிறகு நான் எழுதிய தேதியைப் பார்ப்பார். 'இது ஒன்றா, ஏழா?' என்று கேட்பார். இப்போது என் ஏழுகளுக்கெல்லாம் கோடு இருக்கிறது. ஊரில் என் அண்ணனுக்கு அனுப்பும் கடிதத்தில்கூட இருக்கிறது.

"மர்த்தீன், 2019 டிசம்பரில் ரயில்கள் ஓடவில்லை. காலை ஆறு மணிக்கு நீ என் தெருவுக்கு வருவாய். இருட்டாக இருக்கும், குளிராக இருக்கும், உன் கார் அங்கே நிற்கும். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இன்று நான் சொல்கிறேன். காத்திருந்ததற்கு நன்றி. கற்றுக்கொடுத்ததற்கு நன்றி. நீ இல்லாமல் எங்களுக்கு வெறிச்சென்று இருக்கும். நல்ல ஓய்வுக்காலம் உனக்கு."

பிரெஞ்சில் இது இரண்டு நிமிடத்துக்குள் முடியும். முன்பு இருந்த அடைமொழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'நீ அதை யாரிடமும் சொல்லவில்லை' என்ற வரியை எழுதும்போது நம் நண்பர் ஒன்றை யோசித்திருக்க வேண்டும்: மர்த்தீன் அதை எல்லோர் முன்னாலும் சொல்ல விரும்புவாரா? சிலர் தாங்கள் செய்த உதவி வெளியே தெரிவதை விரும்ப மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் மர்த்தீனுக்கு நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

பேச்சு முடிந்ததும் மர்த்தீன் அந்தத் தாளைக் கேட்கக்கூடும். பலர் அதை வாழ்த்து அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அங்கேதான் அதுவரை ஒளிந்திருந்த பிழைகள் வெளியே வரும். வாசிக்கும்போது பிரெஞ்சின் பாதி எழுத்துகள் மௌனம். ஒருமை பன்மையும் ஆண்பால் பெண்பாலும் பெரும்பாலும் காதில் விழாது. எழுத்தில் எல்லாம் தெரியும். 'நீ எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயங்கள்' என்ற இடத்தில், விஷயங்கள் பெண்பால் பன்மை, அதுவும் வினைக்கு முன்னால் வந்துவிட்டது என்பதால், வினையின் கடைசியிலும் பெண்பால் பன்மை எழுத்துகள் ஒட்ட வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் க்லெமான் மாரோ என்ற கவிஞர் இத்தாலிய மொழியைப் பார்த்து வகுத்துக் கொடுத்த விதி இது. பிரெஞ்சுக் குழந்தைகள் இன்றும் சொல்லெழுதும் பாடத்தில் இதில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் இடம் என்பதால் ஒரு பிழை இருந்தாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். ஆனாலும் வீட்டில் அங்கே படித்த பிள்ளை இருந்தால், முந்திய நாள் இரவே தாளைக் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடலாம். கற்பிக்கும்போது நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், வாக்கியங்களைத் தொட விடாதீர்கள். பிள்ளைகளின் பள்ளிப் பிரெஞ்சு அப்பாவின் சின்ன வாக்கியங்களை உடனே நீட்டிவிடும். மர்த்தீன் பத்து ஆண்டாகக் கேட்டுப் பழகியது அப்பாவின் பிரெஞ்சைத்தான்.